பனிக்காலக் குசினியும் தோசை மாவும்: ஓவனையும் மைக்ரோவேவையும் முதன்முதலாகக் கையாளும் பெண்களுக்கு

கடந்த தை மாதம் என் பெறாமகள் திருமணமாகி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தில் அவள் சமைத்ததெல்லாம் காஸ் அடுப்பிலும், கோடி வளவில் உள்ள விறகடுப்பிலும்தான். ஓவன் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எங்கள் சந்தியில் உள்ள வெதுப்பகத்தின் போறணையைத் தவிர வேறெதையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நான் அதே நகரத்தில் பல ஆண்டுகள் குசினி நடத்திவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பியவள் என்பதால், முதல் மூன்று கிழமைகளும் கைபேசிக் காணொளியில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன் என்று சொல்லலாம். அங்கே காலை எட்டு மணி ஆகும்போது இங்கே மாலை ஆறரை. கணவன் வேலைக்குப் போனதும் அவள் அழைப்பாள். நான் விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருவேன். அந்த மூன்று கிழமைகளில் அவளுக்கு என்னென்ன பிழைத்தன, எப்படித் திருத்தினோம் என்பதை, இனிப் போகவிருக்கும் பிள்ளைகளுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் மைக்ரோவேவ்

அவள் முதன்முதலாகச் செய்தது, முதல் நாள் இரவு மிஞ்சிய சோற்றையும் பருப்பையும் சூடாக்கியதுதான். திருமணத்துக்குப் பரிசாகக் கிடைத்த, விளிம்பில் பொன்னிறக் கோடு போட்ட பீங்கான் கோப்பையில் சோற்றைப் போட்டு உள்ளே வைத்து, மூன்று நிமிடத்தை அழுத்தினாள். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"பெரியம்மா, உள்ளுக்கு மின்னல் மாதிரி வெட்டுது, படபடவெண்டு சத்தமும் கேக்குது!"

"பதறாதை பிள்ளை. STOP எண்டதை அமத்து, இல்லாட்டிக் கதவைத் திற. திறந்த உடனை நிண்டுபோம்."

அந்தப் பொன்னிறக் கோடு உண்மையான உலோகப் பூச்சு. மைக்ரோவேவ் அலைகள் உலோகத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கும். மெல்லிய கோடு, கத்தி முனை, கசங்கிய அலுமினியத் தாள் போன்ற இடங்களில் அது பொறியாகத் தெறிக்கும். ஆகவே சரிகைக்கரை போட்ட கோப்பைகள், கரண்டி, முள்ளுக்கரண்டி, கடைச் சாப்பாட்டைச் சுற்றி வரும் பளபளத்த தாள் எதுவும் உள்ளே போகக்கூடாது. நம்மவர்கள் பெட்டியில் கட்டாயம் கொண்டுபோகும் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியும் அப்படித்தான். அது பொறி கக்காமல் தப்பினாலும், அலைகள் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடுவதால் உள்ளே இருக்கும் சோறு குளிர்ந்தபடியே இருக்கும். கோடு போடாத பீங்கானோ, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அடியில் குறித்திருக்கும் கண்ணாடிப் பாத்திரமோ போதும். ஐஸ்கிரீமும் தயிரும் வந்த பிளாஸ்ரிக் பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அவற்றைச் சூடாக்கப் பயன்படுத்த வேண்டாம், உருகி வளையும்.

கோப்பையை மாற்றியபின் இரண்டாம் குறை தெரிந்தது. ஓரத்தில் இருந்த சோறு வாய் வைக்க முடியாத சூடு. நடுவில் கையை வைத்தால் குளிர்பெட்டியில் இருந்தபடியே இருந்தது. அடுப்பில் சூடு அடியிலிருந்து மேலே ஏறும். மைக்ரோவேவில் அலைகள் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன, அதுவும் வெளியிலிருந்து சில சென்ரிமீற்றர் ஆழம் வரைதான் நன்றாகச் சேரும். அதோடு பெட்டிக்குள் சில இடங்களில் அலை கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் இருக்கும். கண்ணாடித் தட்டு சுற்றுவது அதற்காகத்தான். ஆகவே ஒரு கோப்பை சோற்றுக்கு அவளிடம் நான் சொன்ன முறை இது. சோற்றை நடுவில் குவிக்காமல், நடுவே சிறு பள்ளம் விட்டு வளையமாகப் பரப்ப வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஏனெனில் குளிர்பெட்டியில் இருந்த சோறு இறுகிக் கெட்டியாகியிருக்கும். நீராவி பட்டால்தான் அது மீண்டும் இளகும். இன்னொரு பீங்கானால் சிறிது இடைவெளி விட்டு மூடி இரண்டு நிமிடம் வைத்து, எடுத்துக் கிளறி, மேலும் ஒரு நிமிடம் வைத்து, அணைந்தபின் ஒரு நிமிடம் உள்ளேயே விட வேண்டும். அந்தக் கடைசி நிமிடத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவுவது அப்போதுதான். இந்தக் கணக்கு 1000 வாற் பெட்டிக்கானது. உங்கள் பெட்டி எத்தனை வாற் என்பது கதவின் உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். 700 என்றிருந்தால் நேரத்தை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூட்டுங்கள். நடுவிலிருந்தும் ஆவி எழும்ப வேண்டும். கனடாவில் மீண்டும் சூடாக்கும் உணவு 74 பாகை செல்சியசைத் தொட வேண்டும் என்று சொல்வார்கள். விரல் வைக்க முடியாத சூடு என்பது மட்டும் அதற்குப் போதாது, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே விரல் சுடும்.

சோற்றைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெளியே பனி கொட்டுவதைப் பார்த்து, குசினியும் குளிர்தானே என்று அவள் இரவுச் சோற்றை மேசையிலேயே விட்டுவிட்டாள். வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் அங்கே 20, 21 பாகை இருக்கும். அது உணவைக் காக்கும் குளிர் அல்ல. சமைத்த சோற்றில் உயிரோடு தப்பும் ஒருவகைப் பற்றீரியா அந்தச் சூட்டில் நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு மைக்ரோவேவில் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. சோறு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், தட்டையான பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

முட்டையைக் கோதோடு வைத்தால் வெடிக்கும். பெட்டிக்குள் எதுவும் இல்லாமல் ஓடவிடக் கூடாது.

ஓவனைத் திறப்பதற்கு முன்

ஓவனை முதன்முறை இயக்கும்போது முதல் வேலை, கதவைத் திறந்து உள்ளே பார்ப்பது. அங்கே அடுக்குமாடி வீடுகளில் இடம் குறைவு என்பதால் தட்டங்களையும் தாச்சிகளையும் ஓவனுக்குள் அடுக்கி வைப்பது பலருடைய வழக்கம். பெறாமகளின் ஓவனுக்குள் இரண்டு கறித் தாச்சிகளும், பிளாஸ்ரிக் கைப்பிடி போட்ட ஒரு மூடியும், கட்டி வைத்த கடைப் பைகளும் இருந்தன. பார்க்காமல் சூடேற்றியிருந்தால் வீடு முழுவதும் கருகல் மணமும், கூரையில் உள்ள புகை அறிவிப்பானின் அலறலும்தான்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தபின், உட்தட்டை நடு மட்டத்தில் வைத்து, BAKE என்பதை அழுத்தி, 350 என்று கொடுத்து, START ஐ அழுத்தச் சொன்னேன். அங்குள்ள ஓவன்கள் பெரும்பாலும் பரனைற்றில் சொல்லும். 350 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 177 பாகை செல்சியஸ். இது தெரியாமல், ஊரிலிருந்து எழுதிக்கொண்டுபோன குறிப்பில் 180 என்று இருப்பதை அப்படியே அழுத்தினால், ஓவன் 82 பாகையில் நின்றுவிடும். உள்ளே வைத்தது வேகாமல் உலர்ந்துதான் போகும். BROIL என்று பக்கத்தில் இருப்பது மேலேயுள்ள கம்பியை மட்டும் செந்தணலாக்குவது. பழகும் வரை அதைத் தொட வேண்டாம். முதல் தடவை அரை மணி நேரம் வெறுமையாகவே சூடேற்றி, அடுப்பின் மேலுள்ள காற்றாடியைப் போட்டு, யன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். முன்பிருந்தவர்கள் விட்ட எண்ணெய்த் துளிகளின் மணம் அப்போது வந்து தீர்ந்துவிடும். குளிர் வரும் என்று அவள் யன்னலைத் திறக்க மறுத்தாள். ஒரு விரல் இடைவெளி போதும் என்று சொல்லித் திறக்க வைத்தேன்.

பிடிதுணியைப் பற்றி நம் பெண்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. கிடைத்த துணியை, பெரும்பாலும் ஈரமாக இருக்கும் குசினித் துணியை, மடித்துப் பிடிப்போம். காஸ் அடுப்பில் அது தாங்கும். ஓவனுக்குள் இருந்த தட்டத்தை ஈரத்துணியால் பிடித்தால், துணியிலுள்ள நீர் சூட்டைக் கைக்குக் கடத்தி, ஆவியாகி, உள்ளங்கையைப் பொசுக்கும். காய்ந்த தடித்த கையுறைதான் வேண்டும். அதேபோல், ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டத்தை ஈரமான கல்லிலோ பலகணியில் உள்ள பனியிலோ ஆறட்டும் என்று வைக்காதீர்கள். திடீர்க் குளிரில் அது சிதறிவிடும்.

தோசை மா

இனித்தான் அவள் உண்மையாகவே அழுத கதை. ஒரு கிழமையாகத் தோசை தின்ன ஆசைப்பட்டு, நம் வீட்டுக் கணக்கில் ஒரு சுண்டு உளுந்தை அரைக் கரண்டி வெந்தயத்தோடு ஊறவிட்டு அரைத்து, இரண்டு சுண்டு மாவோடு கரைத்து, இரவு குசினி மேசையில் மூடி வைத்தாள். அவித்த கோதுமை மாவும் அரிசி மாவும் சமபங்காகக் கலந்திருந்தாள். பதினான்கு மணி நேரம் கழித்துக் காணொளியில் காட்டினாள். ஒரு குமிழிகூட இல்லை. கரைத்து வைத்த மட்டத்திலேயே கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் தோசை மாவைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை, ஏனெனில் இங்கே இரவிலும் 25 பாகைக்கு மேல்தான் பெரும்பாலும் இருக்கும். உளுந்திலேயே இருக்கும் பற்றீரியாவும் மதுவமும் 28 முதல் 32 பாகை வரையுள்ள சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்து மாவைப் பொங்க வைக்கும். 20 பாகையில் அவை சோம்பிக் கிடக்கும். பனிக்காலக் கனடாவில் அவளுக்குப் போதாமல் இருந்தது அந்தப் பத்துப் பாகைதான்.

இரண்டாம் முறை அவள் என்னைக் கேட்காமல் தானே யோசித்து, ஓவனை அதன் மிகக் குறைந்த சூட்டில் வைத்து மாவை உள்ளே விட்டாள். அங்குள்ள பல ஓவன்களில் மிகக் குறைந்தது 170 பரனைற், அதாவது 77 பாகை செல்சியஸ். ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தின் ஓரமெல்லாம் மா வெந்து தோலாகப் படிந்துவிட்டது. புளித்த வாசத்துக்குப் பதில் களி கிண்டிய வாசம் வந்தது. 50 பாகையைத் தாண்டினால் பொங்க வைக்கும் உயிர்கள் செத்துவிடும். அந்த மாவை மீட்க வழியில்லை. கொட்டச் சொன்னேன், உளுந்து விலையை நினைத்து அவள் கண் கலங்கினாள்.

மூன்றாம் முறை சரிவந்தது. அதன் படிகளை முழுமையாகச் சொல்கிறேன்.

ஓவனைச் சூடேற்றவே கூடாது; உள்ளே உள்ள விளக்கை மட்டும் போட வேண்டும். பலகையில் OVEN LIGHT என்றோ ஒரு குமிழ் விளக்கின் படமாகவோ அதற்கான விசை இருக்கும். பழைய வகைக் குமிழ், 40 வாற் அளவில், மூடிய பெட்டிக்குள் இளஞ்சூட்டை உண்டாக்கும். மாவை வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு, மலிவான அறை வெப்பமானி ஒன்றை உட்தட்டில் வைக்கச் சொன்னேன். தொடங்கும்போது 21, ஒரு மணி நேரத்தில் 29, பிறகு 31 இல் நின்றது. வெப்பமானி இல்லாவிட்டால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மாரி முடிந்த பங்குனி மாதத்து நம் குசினியில் கைவிட்டது போல இதமாக இருந்தால் சரி.

புதிய ஓவன்களில் எல்ஈடி விளக்கு இருந்தால் அது சூடு தராது. சிலவற்றில் விளக்குச் சற்று நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அப்போது மைக்ரோவேவ் துணைக்கு வரும். ஒரு பெரிய பீங்கான் பேணியில் தண்ணீர் விட்டு, ஒரு மரக்குச்சியை உள்ளே போட்டு, மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். குச்சி எதற்கு என்றால், வழுவழுப்பான பேணியில் நீர் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, அசைத்தவுடன் பொங்கித் தெறித்துக் கையைச் சுடும். குச்சி இருந்தால் அது நேராது. அந்தப் பேணியை அணைந்திருக்கும் ஓவனுக்குள் மாப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துக் கதவை மூடினால், மூன்று நான்கு மணி நேரத்துக்குச் சூடு தங்கும். படுக்கப் போகும்போது ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் காலை வரை ஓரளவு நிற்கும்.

மாவைப் பாத்திரத்தின் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி வழிந்தால் ஓவனின் அடிக்கம்பியில் கொட்டிக் கருகும். பாத்திரத்தின் கீழ் ஒரு தட்டம் கட்டாயம். மூடி பீங்கானாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும், இறுக்கி மூட வேண்டாம். பனிக்காலத்தில் உப்பை முதலே போடாமல் பொங்கியபின் போடச் சொன்னேன். உப்பு நொதிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும், குளிரில் அந்தத் தாமதமும் நமக்கு வேண்டாம்.

இரவு ஒன்பது மணிக்கு வைத்த மா, காலை ஏழு மணிக்கு இரட்டிப்பாகப் பொங்கியிருந்தது. கரண்டியால் வெட்டினால் உள்ளே தேன்கூடு போல் குமிழிகள், மூக்கில் ஏறும் இதமான புளிப்பு வாசம்; ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மா தயார். பொங்கி மீண்டும் அமுங்கிப் போயிருந்தால் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள். அது தோசைக்கு உதவும், மிகவும் புளிக்கும். இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ படர்ந்திருந்தால், அல்லது அழுகல் நாற்றம் வந்தால், மேலால் வழித்துவிட்டுப் பாவிக்காமல் முழுவதையும் கொட்டுங்கள்.

ஓவன் கதவில் ஒரு தாள்

இந்த முறையில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. அடுத்த கிழமையே அது நடந்தது. அவள் மாவை ஓவனுக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். இரவு வேலை முடிந்து வந்த கணவன், பசியில், கடையில் வாங்கிய பீற்சாவைச் சூடாக்க ஓவனை 400 இல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு அவள் மூடியாக வைத்தது பிளாஸ்ரிக் மூடி. அது உருகி மாவின் மேல் வழிந்தது. புகை அறிவிப்பான் அலறியதில்தான் இருவரும் ஓடி வந்தார்கள். நல்லகாலம், நெருப்புப் பிடிக்கவில்லை. அப்படி நடந்தால் கதவைத் திறக்காமல் ஓவனை அணைத்துவிட்டு, யன்னலைத் திறந்து, உள்ளே புகை அடங்கும் வரை பொறுக்க வேண்டும். கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து நெருப்பு எழும்பும். உருகிய பிளாஸ்ரிக் தட்டில் இறுகியதும், ஓவன் முழுதும் ஆறியபின், மரக்கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். அன்று முதல், மா உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஓவனின் விசைப்பலகையை மூடும்படி "மா உள்ளே" என்று எழுதிய தாள் ஒன்றை ஒட்டி வைக்கிறாள். கைப்பிடியில் ஒட்டினால் போதாது. விசையை அழுத்த வருகிறவர் அதைக் கிழித்துத்தான் அழுத்த வேண்டும், அப்படி ஒட்டுங்கள்.

அந்த வீட்டில் வெப்பமூட்டி ஒரு நாள் நின்றபோது, ஓவன் கதவைத் திறந்துவிட்டுக் குளிர்காயலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது. காஸ் ஓவனானால் மூடிய வீட்டுக்குள் கார்பன் மொனொக்சைட்டுத் தேங்கும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, தலைச்சுற்றலும் தலையிடியுமாகத் தொடங்கி உயிரை எடுத்துவிடும். மின்சார ஓவனானாலும் திறந்த கதவில் சேலையோ குழந்தையின் கையோ படலாம். கம்பளி உடுத்தி, வீட்டு உரிமையாளரை உடனே அழையுங்கள்.

மிஞ்சும் மாவைக் குளிர்பெட்டியில் மூடி வைத்தால் நான்கைந்து நாளைக்குத் தாங்கும். குளிரில் நொதிப்பது மெதுவாகும், நிற்காது. அதனால் மூன்றாம் நாளிலிருந்து புளிப்புக் கூடும். சுட்ட தோசையை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், தோல் போல இழுபடும். தோசைக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் போட்டால் மீண்டும் முறுகும். சம்பலையும் சாம்பாரையும் மட்டும் மைக்ரோவேவில் வையுங்கள், மூடிக்கொண்டு. சாம்பார் மேலே பொங்கித் தெறிக்கும், நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கிளறுங்கள்.